முதல் வேகத்தில் தானே புறப்பட வேண்டும்: பழைய டேபிள் ஃபேனைச் சீர்செய்யும் முறை

பழைய டேபிள் ஃபேன்களில் அடிக்கடி காணப்படும் கோளாறு ஒன்று உண்டு. மூன்றாம் வேகத்தில் வைத்தால் அது ஓடும். முதல் வேகத்தில் வைத்தாலோ உறுமிக்கொண்டு அசையாமல் நிற்கும். இறக்கையைத் தள்ளிவிட்டால் தயங்கித் தயங்கிச் சுழலத் தொடங்கும். இப்படிப்பட்ட ஃபேனைப் பெரும்பாலோர் "ஓடத்தானே செய்கிறது" என்று வைத்துக்கொள்வார்கள், அல்லது "மோட்டார் போய்விட்டது" என்று எடைக்குப் போட்டுவிடுவார்கள். இரண்டுமே சரியல்ல. மோட்டாரின் வைண்டிங், அதாவது உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள், நன்றாக இருக்கும்போதே இந்தக் கோளாறு வரும். அதைச் சரிசெய்யப் பொறுமையும் ஒரு மல்டிமீட்டரும் சில சாதாரணக் கருவிகளும் போதும்.

வாகனப் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு மெக்கானிக், தம் பேத்தியின் தேர்வுக் காலத்தில் இத்தகைய ஃபேன் ஒன்றைப் பழுதுபார்த்த விதத்தை இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். பேத்திக்கு வேண்டியிருந்தது பலமான காற்று அல்ல. மேசைமேல் விரித்துவைத்த தாள்கள் பறக்கக் கூடாது, ஓசை கவனத்தைக் கலைக்கக் கூடாது, ஆனால் நள்ளிரவுப் புழுக்கத்தில் காற்றும் வேண்டும். ஆகவே அவளுக்குப் பயன்படுவது முதல் வேகம் மட்டுமே. "தாத்தா, ஸ்லோவுல வெச்சா சத்தம் மட்டும்தான் வருது, சுத்தவே மாட்டேங்குது. பேனாவால ஒரு தட்டு தட்டினாத்தான் ஓடுது" என்று அவள் சொன்னதும், "இனிமே தட்டாதேம்மா, பிளக்கைப் பிடுங்கி வை" என்று அவர் உடனே நிறுத்தச் சொன்னார். அதற்குக் காரணம் இருந்தது. மின்சாரம் பாய்ந்தும் சுழலாமல் நிற்கும் மோட்டாருக்கு இறக்கைக் காற்றின் குளிர்ச்சி கிடைக்காது. வைண்டிங்கில் வெப்பம் ஏறிக்கொண்டே போகும். தட்டிவிட ஆள் விழித்திருக்கும்வரை தொல்லை தெரியாது. அவள் புத்தகத்தின்மேல் தலைவைத்துத் தூங்கிவிட்ட வேளையில் மின்சாரம் நின்று மறுபடி வந்தால், ஃபேன் புறப்படாமல் மணிக்கணக்கில் உறுமியபடி கருகத் தொடங்கும். எனவே இந்த வேலையில் வெற்றிக்கான அளவுகோலை அவர் முதலிலேயே வகுத்துக்கொண்டார்: யாரும் தொடாமல், முதல் வேகத்தில், ஒவ்வொரு முறையும் தானாகப் புறப்பட வேண்டும்.

மெதுவான வேகத்தில் மட்டும் ஏன் நிற்கிறது

ஃபேன் புறப்படுவதைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, மோட்டார் தரும் தொடக்க விசை. மற்றொன்று, அதை எதிர்க்கும் உராய்வு. டேபிள் ஃபேனில் உள்ள மோட்டாருக்கு ஓட்ட வைண்டிங், துணை வைண்டிங் என இரண்டு வைண்டிங்குகள் உண்டு. துணை வைண்டிங்குடன் தொடராக இணைந்திருக்கும் கெப்பாசிட்டர்தான், அதாவது பட்டறைகளில் கண்டென்சர் என்று சொல்லப்படும் பொருள்தான், மோட்டாரின் சுழலும் பகுதியான ரோட்டரை ஒரு திசையில் தள்ளிவிடத் தேவையான சுழலும் காந்தப்புலத்தை உண்டாக்க உதவுகிறது. அதன் கொள்ளளவு குறைந்தால் அந்தத் தள்ளும் விசையும் குறையும்.

வேகத்தைக் குறைக்கும்போது உண்மையில் என்ன நடக்கிறது என்றால், மின்னோட்டத்தின் வழியில் கூடுதல் கம்பிச் சுற்றுகள் சேர்ந்து, ஓட்ட வைண்டிங்குக்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறைகிறது. தொடக்க விசையோ மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னழுத்தம் பாதியானால் விசை ஏறத்தாழக் கால் பங்காகிவிடும். இதனால்தான் மூன்றாம் வேகத்தில் மறைந்துகிடக்கும் சிறிய உராய்வும், சற்றே நலிந்த கண்டென்சரும் முதல் வேகத்தில் வெளிப்பட்டுவிடுகின்றன. புதிதாகப் பழுதுபார்க்க வருபவர்கள் உடனே கண்டென்சரை மாற்றிவிட்டு, ஃபேன் ஓடியதும் மூடிவிடுகிறார்கள். உராய்வு அப்படியே இருக்க விசையை மட்டும் கூட்டினால், சில வாரங்களில் பழைய நிலை திரும்பிவிடும். முதலில் உராய்வு, பிறகு கண்டென்சர் என்ற வரிசையையே நான் பரிந்துரைப்பேன்.

திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

பிளக்கைப் பிடுங்கிவிட்டு இறக்கையை விரலால் ஒரு சுண்டு சுண்டுங்கள். நல்ல நிலையிலுள்ள ஃபேன் பல சுற்றுகள் சுழன்று, வேகம் மெல்ல மெல்லக் குறைந்து நிற்கும். மெக்கானிக்கின் கையிலிருந்த ஃபேன் ஒன்றரைச் சுற்றில் நின்றது. அதுவும் யாரோ பிடித்து நிறுத்தியதுபோலச் சட்டென்று நின்றது. புஷ்ஷில், அதாவது இறக்கையைத் தாங்கும் தண்டான ஷாஃப்ட் சுழலும் உலோக வளையத்தில், எண்ணெய் வற்றியதற்கோ இறுகியதற்கோ இதுவே அடையாளம். அடுத்து, தலையை இடவலமாகத் திருப்பும் குமிழை மேலே இழுத்துவைத்து ஒருமுறையும், கீழே அழுத்திவைத்து ஒருமுறையும் அவர் சுண்டிப் பார்த்தார். மேலே இழுத்திருந்தபோது ஒன்றரைச் சுற்று. அழுத்தியபோது முக்கால் சுற்றுகூட இல்லை. ஆக, புஷ்ஷில் ஒரு தடை, பின்பக்க கியர் பாக்ஸில் இன்னொரு தடை என்று திறக்காமலே தெரிந்துவிட்டது.

மூன்றாவதாக ஷாஃப்ட்டின் நுனியைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் அசைத்துப் பாருங்கள். முன்னும் பின்னும் சிறிதளவு நகர்வது இயல்பு. பக்கவாட்டில் 'டக் டக்' என்று ஆடினால் புஷ் தேய்ந்திருக்கிறது என்று பொருள். தேய்ந்த புஷ்ஷை ஏமாற்றாமல் காட்டிக்கொடுக்கும் அறிகுறி ஒன்று உண்டு: மின்சாரம் இல்லாதபோது தாராளமாகச் சுழலும் ரோட்டர், மின்சாரம் கொடுத்ததும் ஒரு பக்கமாக இழுக்கப்பட்டு, அதைச் சூழ்ந்து அசையாமல் நிற்கும் பகுதியான ஸ்டேட்டரில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். ரோட்டருக்கும் ஸ்டேட்டருக்கும் நடுவே உள்ள இடைவெளி மிகச் சிறியது என்பதே காரணம். இந்த நிலையில் எண்ணெய் விடுவதால் பயனில்லை. புஷ்ஷையே மாற்ற வேண்டும். நமது கதையில் முன் புஷ் இறுக்கமாகவே இருந்தது. பின் புஷ்ஷில் கையால் அரிதாகவே உணரக்கூடிய அளவுக்கே தளர்வு இருந்ததால் இரண்டையும் அவர் வைத்துக்கொண்டார்.

கடைசியாக மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, மூன்று வேகங்களிலும் ஸ்விட்சைப் போட்டு, பிளக்கின் இரண்டு மின் முனைகளுக்கிடையே தடையைப் பாருங்கள். மல்டிமீட்டர் தரும் நேர்மின்னோட்டத்தைக் கண்டென்சர் விடாது என்பதால், இந்த அளவு ஓட்ட வைண்டிங்கின் நிலையைக் காட்டும். மூன்றாம் வேகத்தில் தடை குறைவாகவும், முதல் வேகத்தில் அதிகமாகவும் இருக்க வேண்டும். அந்த ஃபேனில் மூன்றாம், இரண்டாம், முதல் வேகங்களில் முறையே 310, 390, 470 ஓம் என்று வந்தது. எண்கள் ஃபேனுக்கு ஃபேன் மாறும், ஏறுவரிசைதான் முக்கியம். ஏதாவது ஒரு வேகத்தில் மட்டும் அளவே வராவிட்டால் ஸ்விட்சையோ அந்த வயரையோ சந்தேகிக்க வேண்டும். எதிலும் வராவிட்டால் முதலில் பிளக்கருகே மடிந்து மடிந்து உள்ளே அறுந்துபோன வயரைப் பாருங்கள். அதன்பிறகு மீட்டரின் மிக உயர்ந்த ஓம் அளவில், பிளக்கின் மின் முனைக்கும் ஃபேனின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதிக்கும் இடையே பாருங்கள். எந்த அளவும் வரக் கூடாது. வந்தால் உடலில் மின்கசிவு இருக்கிறது. அந்த ஃபேனை அத்தோடு மூடி, தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிடுவதே நல்லது. திறந்து பார்க்கும்போது வைண்டிங் கருகிக் கறுத்து, எரிந்த வார்னிஷ் வாடை வீசினாலும் அப்படியே. அது வைண்டிங் கட்டுபவரின் வேலை.

பிரிக்கும்போது

முன்கூண்டைக் கழற்றியதும் இறக்கையை இறுக்கியிருக்கும் மூடி வரும். பெரும்பாலான டேபிள் ஃபேன்களில் இதன் மரை தலைகீழானது. சுழற்சியால் தானே கழன்றுவிடாதபடி அப்படி அமைத்திருக்கிறார்கள். எனவே கடிகார முள் செல்லும் திசையில் திருப்பினால்தான் கழலும். வழக்கமான திசையில் பலங்கொண்டு திருப்பி மரையை அறுத்துவிடுபவர்கள் பலர். இறக்கையை எடுத்தபின் பின்கூண்டைப் பிடித்திருக்கும் நட்டைத் திருப்ப வேண்டும். அது சாதாரண மரை.

மோட்டாரின் பின்மூடியைக் கழற்றியதும் கண்டென்சர் கண்ணில் படலாம். சில ஃபேன்களில் அது அடிப்பீடத்தில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கக்கூடும். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் கண்டென்சருக்கும் நல்லதல்ல, கண்ணுக்கும் நல்லதல்ல. ஒரு ஹோல்டரில் மாட்டிய இழை பல்பின் இரண்டு வயர்களையும் கண்டென்சரின் இரு முனைகளிலும் சில விநாடிகள் தொட்டுவைத்தால் மின்னேற்றம் வடிந்துவிடும். ஹோல்டர் வயர்களின் காப்பு உள்ள பகுதியைப் பிடித்துத்தான் இதைச் செய்ய வேண்டும்.

இனி வருவதுதான் அவசரக்காரர்கள் பின்னால் வருந்தும் இடம். ஷாஃப்ட்டின் இரு புறமும் ஃபைபர் வாஷர்கள் கோத்திருக்கும். முன்பக்கம் எத்தனை, பின்பக்கம் எத்தனை, எது தடிப்பு, எது மெல்லியது என்பதெல்லாம் மாறாமல் திரும்பப் போக வேண்டும். மாறினால் ரோட்டர் ஸ்டேட்டருக்கு நேராக நில்லாமல் ஒரு பக்கம் தள்ளி நின்று, உறுமலும் வெப்பமும் கூடும். மெக்கானிக் ஒரு வெள்ளைத் துணியை விரித்து, கழன்ற வரிசையிலேயே இடமிருந்து வலமாக எல்லாவற்றையும் அடுக்கினார். பேத்தி தன் செல்போனில் ஒவ்வொரு கட்டத்திலும் படம் எடுத்தாள். "எனக்குத் துணி போதும், உனக்குப் படம் வேணும்னா எடுத்துக்கோ" என்றார் அவர். ஆனால் வயர்களின் நிறம் எது எங்கே போகிறது என்ற கேள்வி வந்தபோது அந்தப் படத்தைத்தான் இருவரும் பார்த்தார்கள். மோட்டாரின் முன், பின் மூடிகள் எந்த நிலையில் பொருந்தியிருந்தன என்பதற்கும் ஓரத்தில் ஒரு கோடு கீறி அடையாளம் வையுங்கள்.

புஷ்ஷைத் துப்புரவு செய்தல்

மூடியை எடுத்தபோது ஷாஃப்ட்டின்மேல் பழுப்பு நிறத்தில் அரக்குப் பூசினாற்போல ஒரு படலம் ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் செதிலாக வந்தது. யாரோ எப்போதோ விட்ட சமையல் எண்ணெய் வெப்பத்தில் இறுகி அப்படி ஆகியிருந்தது. சமையல் எண்ணெய் விட்டவுடன் ஃபேன் நன்றாக ஓடுவதுபோலத் தோன்றும். நாளடைவில் காற்றுபட்டுப் பிசினாகி, வற்றிய புஷ்ஷைவிட மோசமான நிலையை உண்டாக்கிவிடும்.

இந்த புஷ்கள் வெண்கலப் பொடியை அழுத்திச் சூடேற்றிச் செய்யப்பட்டவை. கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் அவற்றில் இருக்கும். அத்துளைகள் எண்ணெயைப் பிடித்துவைத்து, சுழலும்போது ஷாஃப்ட்டுக்குக் கொடுக்கும். புஷ்ஷைச் சுற்றியிருக்கும் கம்பளி வளையமான ஃபெல்ட்தான் எண்ணெய்ச் சேமிப்பு. ஆகவே புஷ்ஷின் உட்பக்கத்தில் எமரித் தாளைப் போட்டுத் தேய்க்கவே கூடாது. துளைகள் அடைபடும், அளவும் கெடும். மெல்லிய குச்சியில் பருத்தித் துணியைச் சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்து, துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டும். ஷாஃப்ட்டையும் அப்படியே துடைத்து, துருப்புள்ளி இருந்தால் மட்டும் மிக நுண்ணிய, 1000 எண்ணுக்குக் குறையாத தாளால் சுற்றுவாட்டில் லேசாகத் தேய்த்து, பொடியைத் துடைத்தெடுக்க வேண்டும். இந்த வேலையைக் காற்றோட்டமான இடத்தில், அருகே நெருப்பு இல்லாமல் செய்ய வேண்டும். வைண்டிங்கின்மேல் மண்ணெண்ணெய் படாமல் அதைத் துணியால் மூடிக்கொள்ளவும் வேண்டும். அதன் தூசிக்கு மென்மையான உலர்ந்த பிரஷ் போதும்.

ஃபெல்ட்டை வெளியே எடுக்க முடிந்தால் மண்ணெண்ணெயில் அலசிப் பிழிந்து, நன்றாக உலரவிட்டு, புது எண்ணெயில் ஊறவிடுங்கள். அட்டைபோல விறைத்துப்போய் எண்ணெயை உறிஞ்சாவிட்டால் மாற்றிவிட வேண்டும். எந்த எண்ணெய் என்பதில் மெக்கானிக் காட்டிய கவனம் குறிப்பிடத்தக்கது. அவர் கைவசம் வாகன எஞ்சின் ஆயில் இருந்தது; அதை அவர் தொடவில்லை. எஞ்சின் ஆயிலில் அழுக்கைத் தன்னுள் மிதக்கவைக்கும் சேர்மானங்கள் உண்டு. வடிகட்டி உள்ள எஞ்சினில் அது நன்மை. வடிகட்டியே இல்லாத நுண்துளை புஷ்ஷில் அந்த அழுக்குத் துளைகளை அடைக்கும். அத்தகைய சேர்மானம் இல்லாத, எஸ்ஏஇ 20 தரத்திலான மின்மோட்டார் எண்ணெய் பொருத்தமானது. கிடைக்காவிட்டால் தையல் இயந்திர எண்ணெய் விடலாம், ஆனால் அது மெல்லியது என்பதால் அடிக்கடி விட வேண்டியிருக்கும். துருப்பிடித்த நட்டைக் கழற்றத் தெளிக்கும் ஸ்ப்ரேயை எண்ணெய்க்குப் பதிலாகப் பயன்படுத்துவது வீண்வேலை. சில நாள்களில் ஆவியாகிப் புஷ்ஷை வெறுமையாக்கிவிடும்.

கியர் பாக்ஸில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. மூடியின் திருகுகளைக் கழற்றி, மெழுகாக இறுகிய பழைய கிரீஸைக் குச்சியால் வழித்தெடுத்து, பல் உடைந்திருக்கிறதா என்று பார்த்து, லித்தியம் கிரீஸைப் பற்களின்மேல் மட்டும் மெல்லியதாகத் தடவினால் போதும். பெட்டி நிறையக் கிரீஸை அடைத்தால் அதுவே ஒரு தடையாகும்.

கண்டென்சர்

கழற்றி, மின்னேற்றம் வடித்த கண்டென்சரை, கொள்ளளவு காட்டும் வசதியுள்ள மல்டிமீட்டரில் வைத்துப் பாருங்கள். அந்த ஃபேனின் கண்டென்சரில் 2.5 மைக்ரோஃபாரட், 440 வோல்ட், கூட்டியோ குறைத்தோ 5 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தது. அப்படியானால் 2.38க்குக் கீழே இறங்கக் கூடாது. மீட்டர் காட்டியதோ 1.4. வெளித்தோற்றத்தில் வீக்கமோ வெடிப்போ எதுவும் இல்லை. பார்த்த மாத்திரத்தில் நல்லது என்றுதான் யாரும் சொல்வார்கள். இந்த வகைக் கண்டென்சர் உள்ளே உள்ள மெல்லிய உலோகப் பூச்சைச் சிறிது சிறிதாக இழந்து, சத்தமில்லாமல் நலிந்துவிடும்.

புதியதை வாங்கும்போது அதே மைக்ரோஃபாரட் அளவில் வாங்க வேண்டும். வோல்ட் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். "கொஞ்சம் பெருசாப் போட்டா இன்னும் பலமா இழுக்கும்ல, தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். கேள்வி நியாயமானதே, பலரும் செய்து பார்ப்பதும்கூட. ஆனால் கண்டென்சர் பெரிதானால் துணை வைண்டிங்கில் பாயும் மின்னோட்டமும் கூடுகிறது; டேபிள் ஃபேனில் அந்த வைண்டிங் தொடங்கும்போது மட்டுமல்லாமல், ஓடும் நேரம் முழுவதும் இணைப்பிலேயே இருப்பதால் இரவெல்லாம் சூடேறும், உறுமலும் மிகும். அமைதியாக ஓட வேண்டிய ஃபேனுக்கு இது நேர்மாறான வைத்தியம்.

கண்டென்சரைக் கழற்றியிருக்கும் இந்த நேரத்திலேயே, அது இணைந்திருந்த இரண்டு வயர் முனைகளுக்கு இடையில் ஓம் பார்த்துவிடுங்கள். ஏதேனும் ஓர் அளவு வந்தால் துணை வைண்டிங் அறுபடவில்லை என்று தெரியும். அளவே வராவிட்டால் புதுக் கண்டென்சரால் எந்தப் பயனும் இல்லை. இந்தக் கண்டென்சருக்கு நேர், எதிர் என்ற பாகுபாடு கிடையாது. எந்த வயரை எந்த முனையிலும் இணைக்கலாம். வயர்களை முறுக்கி டேப் சுற்றுவதோடு விட்டுவிடாமல், சால்டர் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூட வேண்டும். மோட்டாரின் அதிர்வில் டேப் நெகிழும். கண்டென்சர் சூடாகும் உலோகப் பகுதியைத் தொடாமல், அதன் பழைய பிடியிலேயே நிற்கட்டும்.

வயர் பழையதாக இருந்தால் அதையும் இப்போதே மாற்றுவது நல்லது. அந்த ஃபேனின் உடல் உலோகம். வந்திருந்ததோ இரண்டு வயர் மட்டுமே. அவர் 0.75 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள மூன்று வயர் கேபிளைப் போட்டு, எர்த் வயரைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் ரிங் முனையோடு திருகி, மூன்று முனை பிளக்கில் சேர்த்தார்.

மூடுவது

என் கண்ணுக்கு இந்த முழு வேலையிலும் கைத்திறன் தெரிவது இந்தக் கட்டத்தில்தான். எல்லாம் சுத்தமாகி, எண்ணெயும் விட்டபின், திருகுகளை ஒரே மூச்சில் இறுக்கினால், ஷாஃப்ட் மறுபடி கல்லாக நின்றுவிடும். புதியவர்கள் இங்கே தளர்ந்துபோய், புஷ் சரியில்லை என்று முடிவு கட்டுகிறார்கள். உண்மையில் இரண்டு புஷ்களும் ஒரே நேர்கோட்டில் அமையாததுதான் காரணம். இந்தப் புஷ்களின் வெளிப்புறம் உருண்டையாக இருக்கும். பிடியில் லேசாகத் திரும்பித் தன்னை நேராக்கிக்கொள்ளும் வசதி அவற்றுக்கு உண்டு. அதற்கு நாம் வாய்ப்புக் கொடுக்க வேண்டும்.

முதலில் எல்லாத் திருகுகளையும் கையால் மட்டும் கோத்துவிடுங்கள். ஷாஃப்ட்டைச் சுழற்றிப் பாருங்கள், தாராளமாகச் சுழலும். இனி ஒரு திருகைக் கால் சுற்று, அதற்கு எதிர்மூலையில் உள்ளதைக் கால் சுற்று என்று மாற்றி மாற்றி இறுக்கி, ஒவ்வொரு தடவையும் ஷாஃப்ட்டைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். எந்தத் திருகை இறுக்கியதும் சுழற்சி கனக்கிறதோ அந்த இடத்தில் நிறுத்தி, மூடியின் ஓரத்தை ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டினால், புஷ் நேராகி ஷாஃப்ட் விடுபடும். மெக்கானிக் பேத்தியின் விரலை ஷாஃப்ட்டின் நுனியில் வைத்து அந்தக் கனத்தை உணரச் செய்தார். மூன்றாவது திருகில் கனத்தது. பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டியதும் பிடி விட்டது. "விட்டுடுச்சு தாத்தா" என்று அவளே சொன்னாள். முழுவதும் இறுக்கியபின்னும் ஷாஃப்ட் முன்பின்னாக அரை மில்லிமீட்டருக்கு மிகாமல் நகர வேண்டும்; நகரவே இல்லை என்றால் ஒரு வாஷர் அதிகமாகக் கோக்கப்பட்டிருக்கிறது.

இறக்கையைத் துடைத்து மாட்டுங்கள். இறக்கையின் முன்விளிம்பில் கெட்டியாகப் படிந்த தூசியே எடை வேறுபாட்டை உண்டாக்கி ஆட்டத்தைத் தரும் என்பதால், மூன்று இறக்கைகளையும் ஒரே அளவு சுத்தமாக்க வேண்டும். பிறகு பின்கூண்டில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு இறக்கையின் நுனியும் அதைக் கடக்கும்போது உள்ள தூரத்தை அளவுகோலால் பாருங்கள். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேறுபட்டால் ஓர் இறக்கை வளைந்திருக்கிறது. உலோக இறக்கையானால் கழற்றிவைத்து மெல்ல நிமிர்த்தலாம்; மோட்டாரில் மாட்டியபடியே வளைத்தால் ஷாஃப்ட் வளையும்.

முதல் ஓட்டமும் சோதனையும்

பழுதுபார்த்த ஃபேனை நேரடியாக மின்சாரத்தில் மாட்டாமல், 100 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக இணைத்த போர்டின் வழியே முதலில் ஓட்ட வேண்டும். பட்டறைகளில் இதைச் சீரிஸ் லாம்ப் என்பார்கள். பல்பு மங்கலாக எரிந்தால் நல்லது; முழு வெளிச்சத்தில் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, பல்புதான் அதைத் தாங்கிக்கொண்டது என்று பொருள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. இந்தப் போர்டில் ஃபேன் மந்தமாகச் சுழலும் அல்லது சுழலாமலும் இருக்கும். பல்பு மின்னழுத்தத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் அதை வைத்து ஃபேனை எடைபோடக் கூடாது.

பல்பை நீக்கி நேரடியாக மாட்டியதும் மெக்கானிக் மூன்றாம் வேகத்தைத் தொடவே இல்லை; எடுத்த எடுப்பில் முதல் வேகத்தில் போட்டார். இறக்கை ஒரு நொடி யோசித்து, புறப்பட்டது. அணைத்து, முற்றிலும் நின்றபின், இறக்கையை வேறொரு நிலையில் திருப்பி வைத்துவிட்டு மறுபடி போட்டார். ரோட்டர் எந்தக் கோணத்தில் நின்றாலும் புறப்பட வேண்டும் என்பதற்காக இந்தச் சோதனை. பின்பு தலையைத் திருப்பும் குமிழை அழுத்தி, கியரின் சுமையோடும் பார்த்தார். ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிளக்கைப் பிடுங்கி, மோட்டாரின் உடலில் உள்ளங்கையை வைத்தார்; சூடாக இருந்தது, ஆனால் கையை எடுக்க வேண்டிய சூடில்லை. கை வைத்திருக்கவே முடியாத சூடு என்றால் ஓடவிடக் கூடாது. அந்தச் சூட்டோடேயே மறுபடி முதல் வேகத்தில் புறப்படுகிறதா என்று பார்ப்பதும் அவசியம். சூடேறிய வைண்டிங்கின் தடை கூடியிருக்கும். குளிர்ந்த நிலையில் புறப்பட்ட ஃபேன் சூட்டில் தடுமாறக்கூடும். இரவில் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் நேரத்திலும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்; முதல் வேகத்துக்கு அதுவே கடினமான நேரம்.

படிப்பு மேசைக்கு வைக்கும்போது காற்று தாளின்மேல் நேராகப் படாமல், பக்கவாட்டிலிருந்து தோள் உயரத்தில் வீசும்படி தலையைச் சற்று நிமிர்த்தி வைத்தார்கள். ஃபேனை மேசைமேல் வைத்தால் மேசைப் பலகையே அதிர்வை வாங்கிப் பெருக்கும் என்பதால், அருகிலிருந்த தனி முக்காலியில் வைத்து, தேய்ந்துபோன அடிரப்பர்களுக்குப் பதில் புதியவற்றை ஒட்டினார். மிச்சமிருந்த சிறு கடகடப்பு மோட்டாரில் இல்லை. கூண்டின் ஒரு கிளிப் தளர்ந்திருந்தது. தலையைத் திருப்பும் வசதியை அவள் பயன்படுத்தவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் தாளின் ஓரம் எழுந்து எழுந்து படிவது தொந்தரவாம்.

இனி அந்த ஃபேனுக்குத் தேவைப்படுவது, தினமும் பல மணி நேரம் ஓடினால் சில மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு புஷ்ஷின் ஃபெல்ட்டிலும் இரண்டு மூன்று சொட்டு எண்ணெய். அதிகம் விட்டால் வைண்டிங்கில் வழிந்து தூசியைப் பிடிக்கும். முதல் வேகத்தில் புறப்படும் நேரம் நீளத் தொடங்கினால், பிளக்கைப் பிடுங்கி முதலில் சுண்டிப் பாருங்கள். பழையபடி சட்டென்று நின்றால் எண்ணெய். தாராளமாகச் சுழன்றால் கண்டென்சரை மீட்டரில் வையுங்கள்.